வட்டி குறைந்திருக்கும்போதுதான் கடன் கடிதத்தைக் கவனமாக வாசிக்க வேண்டும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்ட, காணி வாங்க, அல்லது இருக்கிற வீட்டுக்கு மேல்மாடி போட வங்கிக் கடன் எடுக்க யோசிக்கிறவர்கள் நேரம் ஒதுக்கி வாசியுங்கள். மற்றவர்கள் அப்படி யாரையும் தெரிந்திருந்தால் அனுப்பி விடுங்கள்.

இப்ப எங்கட பக்கம் திரும்பவும் கட்டட வேலை சூடுபிடித்திருக்கிறது. பாடசாலை ஓய்வறையில் கதை வந்தால் கடைசியில் கடனில்தான் வந்து நிற்கிறது. "வட்டி நல்லாக் குறைஞ்சிட்டுது சேர், இப்ப எடுக்காட்டி எப்ப எடுக்கிறது?" என்று கேட்கிறார்கள். குறைந்திருப்பது உண்மைதான். மத்திய வங்கியின் கொள்கை வட்டி வீதம் 2025 மே மாதத்தில் 7.75 ஆனது. வங்கிகளின் கடன் வட்டியும் அதைப் பின்பற்றி இறங்கியது. ஆனால் 2021 இலும் 2022 இன் தொடக்கத்திலும் இதே வார்த்தையைத்தான் கேட்டோம். அப்போது கையொப்பம் வைத்தவர்களில் பலர் ஒரு வருடத்துக்குள் என்ன பாடு பட்டார்கள் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏன் அப்படி நடந்தது என்ற கணக்குத்தான் பலருக்குத் தெரியாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். வட்டி குறைவாக இருக்கும் காலத்தில், பத்துப் பதினைந்து வருடக் கடனை, மாறும் வட்டியில், மாதச் சம்பளத்தை மட்டும் நம்பி எடுப்பது சரியில்லை. நூற்றுக்கு ஒன்றிரண்டு கூடுதலாகக் கேட்டாலும், எத்தனை வருடத்துக்கு நிலையான வட்டி கிடைக்குமோ அத்தனை வருடத்துக்கு அதைக் கேட்டு வாங்குவதே புத்தி. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் இந்த இரண்டு பெயர்களும் கடன் கடிதத்தில் எப்படி வருகின்றன என்று பார்ப்போம். நிலையான வட்டி என்றால் ஒரு இலக்கம் எழுதியிருக்கும்: இத்தனை வீதம், இத்தனை வருடத்துக்கு. மாறும் வட்டி என்றால் இலக்கத்துக்குப் பதிலாக ஒரு கூட்டல் எழுதியிருக்கும்: ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர். சக 2 என்பது போல. இந்த நீண்ட பெயர், வங்கிகள் தங்கள் மிகச் சிறந்த வாடிக்கையாளர்களுக்கு, அதாவது பெரிய கம்பனிகளுக்கு, குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டியின் சராசரி. மத்திய வங்கி அதை வாராவாரம் வெளியிடுகிறது. தமிழில் முதன்மைக் கடன் வீதம் என்கிறார்கள். நான் சுருக்கமாக முதன்மை வீதம் என்று எழுதுகிறேன். அந்த வீதம் 8.5 ஆக இருந்தால் உங்கள் வட்டி 10.5. அது 20 ஆனால் உங்கள் வட்டி 22. சக 2 என்பது மாறாது, முன்னால் இருப்பதுதான் மாறும். மாதம் ஒரு முறையோ, மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ, ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ அதை மீளாய்வு செய்வார்கள். எப்போது என்பதும் கடிதத்தில் இருக்கும்.

அது எவ்வளவு தூரம் மாறும்? 2021 முடிவில் முதன்மை வீதம் 8.6 அளவில் இருந்தது. 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. வைப்பு வசதி வீதம் 6.5 இலிருந்து 13.5 ஆனது, கடன் வசதி வீதம் 7.5 இலிருந்து 14.5 ஆனது. நான்கு நாளில், ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 70 ஐத் தொட்டது. 2022 முடிவில் முதன்மை வீதம் 27 ஐத் தாண்டி நின்றது. பன்னிரண்டு மாதத்தில் மூன்று மடங்கு. பிறகு 2023 இல் இறங்கத் தொடங்கி, அந்த வருட முடிவில் 12 அளவுக்கு வந்தது.

இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு குடும்பத்தின் தவணைக்குள் வைத்துப் பார்ப்போம். கணக்குக்காக ஒரு ஆசிரியத் தம்பதியை எடுக்கிறேன். இருவர் கைக்கும் சேர்ந்து மாதம் 95,000 ரூபா வருகிறது. 2022 ஜனவரியில் காணி உறுதியை ஈடு வைத்து 30 இலட்சம் எடுக்கிறார்கள். 15 வருடம், அதாவது 180 தவணை. வட்டி முதன்மை வீதம் சக 2, அன்றைக்கு 10.5. மாதத் தவணை ஏறத்தாழ 33,160 ரூபா. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கொஞ்சம் கூட. சமாளிக்கலாம்.

இந்த 33,160 இற்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். முதல் மாதத்தில் 30 இலட்சத்துக்கு 10.5 வீதப்படி ஒரு மாத வட்டி 26,250 ரூபா. மிச்சம் 6,910 தான் முதலில் கழிகிறது. முதலாவது வருடம் முழுக்கக் கட்டியது 3 இலட்சத்து 98 ஆயிரம். முதலில் குறைந்தது 87 ஆயிரம் மட்டும். வருட முடிவில் இன்னும் 29 இலட்சத்து 13 ஆயிரம் கடன் நிற்கிறது. இது வங்கி செய்யும் சூழ்ச்சி இல்லை. நீண்ட கடன் எதுவும் இப்படித்தான் தொடங்கும். ஆரம்ப வருடங்களில் தவணையின் பெரும் பகுதி வட்டி. அதனால் வட்டி அசையும்போது தவணையும் பெரிதாக அசையும்.

முதலில் ஒரு சின்ன அசைவைப் பார்ப்போம். ஒரு வருடம் கழித்து வட்டி இரண்டே இரண்டு புள்ளி ஏறி 12.5 ஆகிறது என்று வையுங்கள். வங்கிக்கு இரண்டு வழி. மிச்சமிருக்கும் 168 மாதத்தை மாற்றாமல் தவணையைக் கூட்டலாம். அப்படியென்றால் 33,160 என்பது 36,800 அளவுக்குப் போகும். அல்லது தவணையை அப்படியே வைத்துக் காலத்தை நீட்டலாம். "உங்கட தவணை மாறாது, பயப்படாதேங்கோ" என்று சொல்லப்படுவது இதுதான். கேட்க இனிக்கும். ஆனால் 168 மாதம் 238 மாதமாகிறது. இரண்டு புள்ளிக்கு ஏறக்குறைய ஆறு வருடம் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஓய்வு பெறும் வயதை எண்ணிக் கடன் எடுத்தவருக்கு இது சின்ன விடயமா?

காலத்தை நீட்டுவதற்கும் ஒரு எல்லை உண்டு. 29 இலட்சத்து 13 ஆயிரத்துக்கு ஒரு வருட வட்டி எந்த வீதத்தில் 3 இலட்சத்து 98 ஆயிரத்துக்குச் சமமாகிறது? வகுத்துப் பார்த்தால் 13.66. அந்த வீதத்தில் 33,160 ரூபா முழுவதும் வட்டிக்கே போய்விடும். முதலில் ஒரு சதமும் கழியாது. அதற்கு மேலே போனால் வட்டியே முழுதாகக் கட்டுப்படாது. கடன் கட்டக் கட்ட வளரும். நூறு வருடம் நீட்டினாலும் முடியாது.

கனடாவில் உறவினர் இருப்பவர்கள் இதை வேறு பெயரில் கேள்விப்பட்டிருப்பார்கள். அங்கே மாறும் வட்டி வீட்டுக் கடன்களில் ஒரு வகைக்குத் தவணை அசையாது, உள்ளே வட்டி மட்டும் அசையும். தவணை முழுவதையும் வட்டி விழுங்கும் அந்தப் புள்ளியை அங்கே டிரிகர் ரேட் என்கிறார்கள். கனடா மத்திய வங்கி 2022 மார்ச்சில் 0.25 ஆக இருந்த வீதத்தை 2023 ஜூலையில் 5 ஆக்கியபோது, ரொறொன்ரோவில் வீடு வாங்கியிருந்த எத்தனையோ பேர் அந்தப் புள்ளியைத் தாண்டினார்கள். தவணை மாறவில்லை என்று நிம்மதியாக இருந்தவர்களுக்குக் கடன் மிச்சம் ஏறியிருப்பதாக வங்கிக் கூற்று வந்தது. அங்கே ஐந்து புள்ளிக்குள் நடந்தது அது. இங்கே பதினெட்டுப் புள்ளி.

சரி, எங்கள் தம்பதிக்குத் திரும்புவோம். 2023 ஜனவரி மீளாய்வில் முதன்மை வீதம் 27, அவர்கள் வட்டி 29 என்று வைப்போம். உண்மையில் இது மீளாய்வுக்கு மீளாய்வு படிப்படியாக ஏறியது. கணக்கு விளங்குவதற்காக ஒரே படியாக எடுக்கிறேன். மாத வட்டி மட்டும் 70,400 ரூபா. காலம் மாறாமல் கட்ட வேண்டுமென்றால் தவணை 71,700. நேற்று 33,160, இன்று 71,700. சம்பளம் 95,000 இல் மிச்சம் 23,300. பாணும் பால்மாவும் மண்ணெண்ணெயும் என்ன விலை விற்ற நாட்கள் அவை என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

தலையை அடகு வைத்தாவது அவர்கள் கட்டினார்கள் என்றால், அந்த ஒரு வருடத்தில் கட்டியது 8 இலட்சத்து 60 ஆயிரம். முதலில் குறைந்தது 18 ஆயிரத்துக்கும் குறைவு. திரும்ப ஒருமுறை வாசியுங்கள். 8 இலட்சத்து 60 ஆயிரம் கட்டி, 18 ஆயிரம் கூடக் குறையவில்லை.

கட்ட முடியாமல், வங்கியின் இணக்கத்தோடு பழைய தவணையையே கட்டினார்கள் என்றால், மாதாமாதம் 37,240 ரூபா வட்டி நிலுவையாகச் சேர்கிறது. வருட முடிவில் 4 இலட்சத்து 47 ஆயிரம். நிலுவைக்கு மேல் வட்டியோ தண்டமோ போடவில்லை என்று வைத்தாலும், மொத்தக் கடன் 33 இலட்சத்து 60 ஆயிரம். இரண்டு வருடம் தவறாமல் கட்டிய பிறகு, வாங்கியதை விடக் கூடுதலான கடன்.

"2024 இல் வட்டி இறங்கிவிட்டதுதானே" என்று கேட்கலாம். இறங்கியது. 2024 ஜனவரியில் அவர்கள் வட்டி 14 என்று எடுத்து, மிச்சம் 13 வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். முழுதாகக் கட்டியவருக்குத் தவணை 40,400 அளவு. நிலுவை வைத்தவருக்கு 46,900 அளவு. பழைய 33,160 இருவருக்கும் திரும்பி வரவில்லை. நிலுவை வைத்தவர் அந்த ஒரு வருடத்தில் கையிலிருந்து கொடுக்காமல் விட்டது ஏறத்தாழ 4 இலட்சத்து 60 ஆயிரம். அதற்காக, வட்டி 14 இலேயே நின்றால், மாதம் 6,500 வீதம் பதின்மூன்று வருடத்தில் பத்து இலட்சம் கூடுதலாகக் கட்டுவார். வட்டி ஏறி இறங்கினாலும், ஏறி நின்ற ஒரு வருடத்தின் சுமை கடைசித் தவணை மட்டும் கூடவே வரும்.

இந்தப் பாடு எல்லாக் கடனுக்கும் ஒரே அளவு இல்லை. காலம்தான் இதில் பெரிய விடயம். அதே 30 இலட்சத்தை மூன்று வருடத்தில் அடைக்கிற ஒரு வியாபாரிக்கு, 10.5 இல் தவணை 97,500. 29 இல் ஏறத்தாழ 125,700. வட்டி எவ்வளவோ ஏறியும் தவணை மூன்றில் ஒரு பங்கு கூட ஏறவில்லை. ஏனென்றால் அவருடைய தவணையில் பெரும் பகுதி முதல். பதினைந்து வருடக்காரருக்கு அதே ஏற்றம் தவணையை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கிவிட்டது. அதனால்தான் கடையில் இருக்கும் நானா "மாறும் வட்டியிலதான் நான் எடுத்தன், ஒண்டும் ஆகேல்ல" என்று சொல்வதை ஒரு ஆசிரியர் தனக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. அவருக்குக் காலம் குறைவு. வரும்படியும் விலைவாசியோடு சேர்ந்து ஏறும். எங்கள் சம்பளம் அப்படி ஏறாது.

இனி நிலையான வட்டிக்கு வருவோம். அதே 2022 ஜனவரியில் இன்னொரு தம்பதி, முதல் ஐந்து வருடத்துக்கு நிலையாக 12.5 வீதத்தில் அதே 30 இலட்சத்தை எடுத்தார்கள் என்று வைப்போம். தவணை 36,980 அளவு. முதல் தம்பதியை விட மாதம் 3,800 கூட. அன்றைக்கு எல்லோரும் இவர்களைத்தான் ஏமாளி என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த 3,800 வீணாகப் போன காசு இல்லை. வட்டி ஏறினால் வரும் சுமையை வங்கியின் தோளுக்கு மாற்றுவதற்குக் கொடுக்கும் விலை. இரண்டு வருட முடிவில் பாருங்கள்: முதல் தம்பதி கட்டியது 12 இலட்சத்து 58 ஆயிரம். இவர்கள் கட்டியது 8 இலட்சத்து 87 ஆயிரம். கட்டியதும் குறைவு, மிச்சக் கடனும் 50 ஆயிரம் குறைவு. அதை விடப் பெரியது, அந்த இரண்டு வருடமும் தவணை எவ்வளவு என்று இவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

நிலையான வட்டி எப்போதும் நல்லது என்று நான் சொல்லவில்லை. 2022 முடிவில் பயந்துபோய் 28 வீதத்தை ஐந்து வருடத்துக்குப் பூட்டியவரை எண்ணிப் பாருங்கள். 30 இலட்சத்துக்கு அவர் தவணை 71,100. ஒரு வருடம் கழித்து 14 வீதத்தில் புதிதாக எடுத்தவருக்கு அது 39,950. பூட்டியவர் வெளியே வர வேண்டுமென்றால் முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணத்தைக் கட்டி, வேறு வங்கிக்கு மாறி, ஈட்டை மீட்டு மறுபடி எழுத வேண்டும். ஆகவே கேள்வி எது நல்லது என்பதில்லை. இன்றைய வட்டி எந்தப் பக்கம் போக இடம் அதிகம் என்பதுதான். 28 இல் நிற்கும்போது இறங்கத்தான் இடம் அதிகம், அப்போது மாறும் வட்டியோ ஒரு வருடப் பூட்டோ போதும். ஒற்றை இலக்கத்தில் நிற்கும்போது இறங்கினாலும் ஒன்றிரண்டு புள்ளிதான் இறங்கும். ஏறினால் எவ்வளவு ஏறும் என்பதை 2022 காட்டிவிட்டது. இப்போது நாங்கள் இரண்டாவது இடத்தில் நிற்கிறோம்.

"இன்னொரு 2022 வராது சேர்" என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. வராமல் இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ். ஆனால் எங்கள் பக்கம் ஈடு வைக்கப்படும் உறுதிகள் சாதாரண உறுதிகள் இல்லை. 1990 இல் வெளியேற்றப்பட்டு, இருபது வருடம் புத்தளத்திலும் வேறு ஊர்களிலும் இருந்துவிட்டு, திரும்பி வந்து, கூரையில்லாத சுவரைத் தங்கள் காணி என்று நிரூபித்து எடுத்த உறுதிகள் பல. இடம்பெயர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே கதைதான். அதை மாதம் 3,800 ரூபா மிச்சம் பிடிப்பதற்காக முதன்மை வீதத்தின் கையில் கொடுப்பதா என்பதுதான் என் கேள்வி.

நம் முஸ்லிம் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. வட்டி ஹராம், அதை எடுக்காமல் இருப்பதே முதல் விடை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இஸ்லாமிய முறை நிதி என்றவுடன் தவணை மாறாது என்று நினைத்து விடாதீர்கள். முறாபஹாவில் பொருளின் விலையும் இலாபமும் தொடக்கத்திலேயே பேசி முடிவாகிவிடும். அதன் பிறகு சந்தையில் எது நடந்தாலும் தவணை அதுதான். ஆனால் வீட்டுக்குப் பெரும்பாலும் வருவது குறைந்து செல்லும் முஷாரகா. வீட்டை நிறுவனமும் நீங்களும் பங்காக வாங்கி, அவர்களுடைய பங்குக்கு வாடகை கட்டி, மெல்ல மெல்ல அந்தப் பங்கை வாங்கிக் கொள்வது. அந்த வாடகை குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மீளாய்வு செய்யப்படலாம், சந்தை வீதம் ஒன்றோடு கட்டப்பட்டும் இருக்கலாம். அப்படி இருந்தால் மேலே சொன்ன தவணைக் கணக்கு அதற்கும் பொருந்தும். மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேளுங்கள். வாடகை எப்போது, எதை வைத்து மாறும் என்பதை நிறுவனத்திடம் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

வங்கிக்குப் போகும்போது நான்கு விடயங்களை எழுதிக்கொண்டு போங்கள். விடையை வாயால் வாங்காமல், கடிதத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

முதலாவது, நிலையான வட்டி என்றால் எத்தனை வருடத்துக்கு? இங்கே கடன் 15 வருடமாக இருக்கும், நிலை மூன்று அல்லது ஐந்து வருடமாக இருக்கும். மிச்சம் பத்து வருடத்துக்கு என்ன சூத்திரம் என்பது வேறொரு பக்கத்தில் இருக்கும். லண்டனிலும் இதே நிலைதான், இரண்டு அல்லது ஐந்து வருடப் பூட்டு முடிந்து 2023 இல் புதுப்பிக்கப் போனவர்கள் பட்ட பாட்டை அங்குள்ள உங்கள் உறவினர்களிடம் கேளுங்கள். முப்பது வருடம் முழுக்க ஒரே வட்டி என்பது அமெரிக்காவில் வழக்கம், இங்கே இல்லை.

இரண்டாவது, நிலையான வட்டியையும் "சந்தை நிலைமைக்கு ஏற்ப" மாற்ற வங்கிக்கு உரிமை இருக்கிறது என்ற வாசகம் எங்காவது இருக்கிறதா? இருந்தால் அது நிலையான வட்டி இல்லை. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் ஒன்றிரண்டு புள்ளிக்குப் பதிலாக எதுவும் வாங்கவில்லை. அந்த வாசகத்தை எடுக்கச் சொல்லுங்கள், எடுக்காவிட்டால் வேறு வங்கியைப் பாருங்கள்.

மூன்றாவது, மாறும் வட்டி என்றால் அது சூத்திரப்படி மாறுமா, வங்கியின் விருப்பப்படி மாறுமா? முதன்மை வீதத்தோடு கட்டப்பட்டிருந்தால் ஏறியது போலவே மீளாய்வுத் திகதியில் இறங்கும். விருப்பப்படி என்றால் ஏறும்போது வேகமாக ஏறும், இறங்கும்போது கடிதம் எழுதிக் கேட்க வேண்டி வரும். 2023 இல் கொள்கை வீதங்கள் இறங்கிய பிறகும் கடன் வட்டி போதியளவு இறங்கவில்லை என்று, ஆகஸ்ட் மாதத்தில் மத்திய வங்கியே வங்கிகளுக்கு உத்தரவு போட வேண்டி வந்தது. சூத்திரத்துக்கு மேல்வரம்பு, கீழ்வரம்பு ஏதும் உண்டா என்பதையும் கேளுங்கள். கீழ்வரம்பு மட்டும் இருந்து மேல்வரம்பு இல்லையென்றால் யாருக்குச் சாதகம் என்று நீங்களே யோசியுங்கள்.

நான்காவது, வட்டி ஏறினால் தவணை ஏறுமா, காலம் நீளுமா? தவணையை மாற்றாமல் விட்டால் நிலுவை வட்டி எங்கே சேரும்? இடையில் கையில் காசு வந்தால் முதலில் ஒரு பகுதியைக் கட்டணமில்லாமல் அடைக்கலாமா?

கடைசியாக, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒரு சோதனை. 15 வருடக் கடனுக்கு ஒவ்வொரு இலட்சத்துக்கும் மாதத் தவணை ஏறத்தாழ இவ்வளவு: 10 வீதத்தில் 1,075 ரூபா, 15 இல் 1,400, 20 இல் 1,756, 25 இல் 2,136, 30 இல் 2,530. நீங்கள் எடுக்கப் போகும் இலட்சத்தால் பெருக்குங்கள். தொலைபேசியில் எக்செல் இருந்தால் உங்கள் தொகைக்கு நேரே போட்டுப் பார்க்கலாம். 30 இலட்சம், 20 வீதம், 180 மாதம் என்றால் இப்படி:

```
=PMT(20%/12,180,-3000000)
```

விடை 52,689 என்று வரும். வீதத்தையும் மாதத்தையும் தொகையையும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். மாறும் வட்டியில்தான் எடுப்பேன் என்று இருப்பவர்கள், 20 வீதத்தில் வரும் தவணையை இன்றைய சம்பளத்தில் கட்டிக் குடும்பம் நடத்த முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் எடுங்கள், வட்டி குறைந்திருக்கும் மாதங்களில் மிச்சப்படும் காசை முதலில் அடையுங்கள். முடியாது என்றால் ஒன்றில் நிலையான வட்டிக்குப் போங்கள், அல்லது கடனைச் சிறிதாக்குங்கள். மேல்மாடி இரண்டு வருடம் பிந்தினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கடன் கடிதம் வைத்திருப்பவர்கள், பெயரையும் கணக்கு இலக்கத்தையும் மறைத்துவிட்டு வட்டி எழுதியிருக்கும் பக்கத்தை மட்டும் படம் எடுத்து உள்பெட்டியில் அனுப்புங்கள். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை. நேரம் கிடைக்கும்போது வாசித்து, தவணைக் கணக்கைப் போட்டு அனுப்புகிறேன். ஆனால் கையொப்பம் வைப்பதற்கு முதல் அனுப்புங்கள்.